அறுநூறு அடி போர், 30 சென்ட் வேலி: ஒரு மதிப்பீடு எங்கே தவறியது

காங்கேயத்துக்குத் தெற்கே எங்களுக்கு 30 சென்ட் இடம் இருக்கிறது. 99 அடிக்கு 132 அடி. ஒரு பழைய சாளை, அதற்கு ஒரு மின் இணைப்பு, ஓரமாக இரண்டு வேம்பு. வேறொன்றும் இல்லை. 2024 தொடக்கத்தில் நானும் மச்சானும் சேர்ந்து மூன்று லட்சம் ஒதுக்கினோம். அதற்குள் சுற்றிலும் கம்பி வேலி போட வேண்டும், போர் ஓட்டித் தண்ணீர் எடுக்க வேண்டும். ஒரு தாளில் கணக்குப் போட்டோம். முடிவில் அந்தத் தாளில் வேலிக்கு எழுதியிருந்தது ஏறக்குறைய அப்படியே நின்றது. போர்ப் பக்கத்தில் சில்லறைச் செலவைத் தவிர எழுதியிருந்த ஒரு வரிகூட நிற்கவில்லை. கீழே வரும் விலைகள் எல்லாம் எங்களுக்கு அந்தச் சமயத்தில் சொன்னவை. டீசல் விலையோடு இவை மாறும், ஊருக்கு ஊரும் மாறும்.

முதலில் வேலி, ஏனென்றால் அது சுலபம். சுற்றளவு 462 அடி. எட்டடிக்கு ஒரு கல்லுக்கால் என்றால் 58 கால். மூலைகளிலும் கேட்டுக்கு இரு பக்கமும் முட்டுக் கொடுக்க இன்னொரு பத்து. ஒரு கால் வாங்கி, குழி எடுத்து, கான்கிரீட் போட்டு நிறுத்த 500 ரூபாய், ஆக 34,000. ஐந்தடி உயரச் செயின்லிங்க் வலை எடைக்கணக்கில் 43,000. இழுத்துக் கட்டும் கூலியும் இடைக்கம்பியும் 18,000. பன்னிரண்டடி கேட் 20,000. மொத்தம் 1,15,000. இதில் ஏமாற ஒரே இடம் கம்பியின் கேஜ்தான். பத்து கேஜ் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு கேஜ் வலையைக் கொண்டுவந்து இறக்கினால் எடையிலேயே தெரிந்துவிடும். மற்றபடி டேப்பை வைத்து அளந்தால் விலை வந்துவிடும்.

போருக்கு எதை அளப்பது?

கொட்டேஷன் எதற்கு விலை சொல்கிறது

ரிக் வண்டிக்காரர் தருவது ஓட்டைக்கான விலை. தண்ணீருக்கு அதில் விலை இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், தாளில் கணக்குப் போடும்போது எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாங்களும் மறந்தோம்.

எங்களுக்குச் சொன்ன விலை இப்படி: ஆறரை இஞ்ச் போர், முதல் 300 அடிவரை அடிக்கு 95 ரூபாய். அவர்களின் மினிமமும் அந்த 300 அடிதான். அதற்குமேல் நூறடிக்கு ஒரு படி ஏறும். நானூறுவரை 105, ஐந்நூறுவரை 115, அறுநூறுவரை 130, எழுநூறுவரை 150, எண்ணூறுவரை 170. ஆயிரத்தைத் தொடும் கடைசி நூறடிக்கு 225. ஆழம் போகப் போக ராடு ஏற்றி இறக்கும் நேரமும், காற்றழுத்தத்துக்கு எரியும் டீசலும் கூடுவதால் இந்தப் படிக்கட்டு நியாயமானதுதான். அடித்தொகையாகக் கூட்டினால் 400 அடிக்கு 39,000, 500 அடிக்கு 50,500, 600 அடிக்கு 63,500.

கேசிங் பைப் தனி. மேல்மண்ணும் பொடிப்பாறையும் இடிந்து விழாமல் இருக்க, கெட்டிப்பாறை வரும்வரை இந்த பைப் இறங்க வேண்டும். ஏழு இஞ்ச் பிவிசி அடிக்கு 400 ரூபாய். எத்தனை அடி என்று ஓட்டுகிற அன்றுதான் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் 40 அடி என்றார்கள், நாங்களும் 40 என்று எழுதிக்கொண்டோம்.

ஆக எங்கள் தாளில்: 400 அடியில் தண்ணீர், கேசிங் 40 அடிக்கு 16,000, நீரோட்டம் பார்ப்பது, பூசை, ஆட்களுக்குச் சாப்பாடு, பாட்டா எல்லாம் சேர்த்து 7,500. மோட்டார், குழாய், கேபிள் 70,000. போர்ப் பக்கம் 1,32,500, வேலியோடு 2,47,500. அரை லட்சம் மிச்சம்! மச்சான் அந்த மிச்சத்தில் ஒரு செட் போடலாம் என்றுகூட யோசித்துவிட்டார்.

அந்தத் தாளில் இருந்த பெரிய கோளாறு ஒரே ஒரு இடத்தில்தான். “400 அடியில் தண்ணீர்” என்பதை விலைபோல எழுதியிருந்தோம். அது ஒரு ஆசை.

அக்கம்பக்கத்துக் கணக்கு

இதைச் சரிசெய்ய நான் செய்தது ஒன்றுதான், இன்றும் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். அரை கிலோமீட்டர் சுற்றளவில் ஓட்டிய போர்களை எல்லாம் விசாரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. கேட்கும் விதம் முக்கியம். “உங்க போர் எத்தனை அடிங்க?” என்று கேட்டால் பெருமையாக எண்ணூறு, ஆயிரம் என்பார்கள். அது நமக்கு உதவாது. “தண்ணி எத்தனாவது அடியில வந்துச்சுங்க? இதுக்கு முன்னாடி ஓட்டினது எத்தனைங்க?” என்று கேட்க வேண்டும். காய்ந்துபோன போரைப் பற்றி யாரும் தானாகச் சொல்வதில்லை.

பதினான்கு ஓட்டைகளுக்கு விவரம் கிடைத்தது. ஒன்பதில் தண்ணீர், ஐந்து புகை. தண்ணீர் வந்த ஒன்பதில் மூன்று 300 அடிக்குள், நான்கு 300-க்கும் 500-க்கும் நடுவில், ஒன்று 640-இல், ஒன்று 870-இல். காய்ந்த ஐந்தும் 600, 650, 720, 850, 1,020 அடிகளில் நிறுத்தப்பட்டவை.

இதைப் படிக்கட்டு விலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 300 அடியில் தண்ணீர் வராதவை பதினொன்று. அவற்றில் நான்குக்கு அடுத்த இருநூறடிக்குள் கிடைத்தது. அந்த இருநூறடிக்கு விலை 22,000. சரி, போகலாம். 500-இலும் வராதவை ஏழு. அடுத்த இருநூறடிக்கு 28,000 கொடுத்தால் ஏழில் ஒன்றுக்குத்தான் கிடைத்தது. 700-ஐத் தாண்டியவை நான்கு, அதில் ஒன்றுக்குக் கிடைத்தது, ஆனால் 700-லிருந்து ஆயிரம்வரை போக 59,000 ஆகும். அந்த ஆழத்திலிருந்து தண்ணீரை ஏற்ற மோட்டாருக்கும் கேபிளுக்கும் ஆகும் செலவு வேறு.

பதினான்கு என்பது சிறிய எண்ணிக்கைதான். அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எங்கள் பகுதிப் பாறையின் இயல்போடு இது ஒத்துப்போகிறது. இங்கே அடியில் இருப்பது கெட்டிப்பாறை. மணற்பாங்கான ஊர்போல ஆழம் போனால் தண்ணீர் நிச்சயம் என்று இங்கே இல்லை. பாறையில் வெடிப்பு இருந்தால், அந்த வெடிப்பை நம் ஆறரை இஞ்ச் ஓட்டை வெட்டிக்கொண்டு போனால் மட்டுமே தண்ணீர். மேலே உள்ள பாறையின் அழுத்தத்தால் கீழே போகப் போக வெடிப்புகள் குறையும், இறுகும். வாய்ப்பு இறங்குகிறது, அடிவிலை ஏறுகிறது.

ஆகவே இரண்டாவது தாள் ஒன்று எழுதினோம்: தண்ணீர் வராவிட்டால் என்ன செலவு? 500 அடியில் நிறுத்தினால் போர், கேசிங், சில்லறை சேர்த்து 74,000. இரண்டு தடவை அப்படி ஆனால் வேலி போட மட்டும் காசு இருக்கும், மோட்டார் வாங்க இருக்காது. மோட்டாருக்குத் தண்ணீரும் இருக்காது என்பது வேறு விஷயம்.

“முதல் ஓட்டை காய்ந்தால் ஆழம் போகாமல் இடம் மாற்றி இன்னொன்று போடலாமே” என்றார் மச்சான். கணக்கில் அது சரியாகத்தான் தெரிகிறது. புது ஓட்டைக்கு 500 அடிக்குள் பதினான்கில் ஏழு, அதாவது பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் அந்தப் பதினான்கும் வெவ்வேறு தோட்டங்களில் உள்ளவை. நம் 30 சென்ட்டில் முதல் ஓட்டைக்கு எண்பதடி தள்ளி ஓட்டினால் பெரும்பாலும் அதே பாறைதான். அங்கே பாதி வாய்ப்பு என்று நம்புவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. சின்ன இடம் வைத்திருப்பவருக்கு இது ஒரு சாபம். பத்து ஏக்கர்காரர் புள்ளியை மாற்றலாம், நாம் கொஞ்சம் நகரத்தான் முடியும்.

கடைசியில் எடுத்த முடிவுகள் இரண்டு. 500 அடியில் நிறுத்துவது, நல்ல ஈரம் தெரிந்தால் மட்டும் 600 வரை. இரண்டாவது, வேலியைப் பின்னால் போடுவது. பலர் முதலில் வேலி போட்டுவிட்டு, ரிக் லாரியும் கம்ப்ரஸர் லாரியும் உள்ளே திரும்ப முடியாமல் இரண்டு கல்லுக்காலைப் பிடுங்குகிறார்கள். அதைவிட முக்கியமான காரணம், வேலியைப் பாதியாகக் குறைக்க முடியும், போரைப் பாதியாகக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடிய வேலையைக் கடைசியில் வைத்தால்தான் கையிலிருக்கும் காசுக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளலாம்.

புள்ளி வைத்த நாள்

மின்தடை அளவி வைத்து நீர்மட்டம் பார்ப்பவர் 3,500 வாங்கினார். நான்கு கம்பிகளை நட்டு, தூரத்தை விரித்துக்கொண்டே போய் அளவு எடுத்தார். மேலே 60, 70 அடி பொடிப்பாறை இருக்கும், 300-க்கும் 350-க்கும் நடுவில் ஏதோ ஒரு மாற்றம் தெரிகிறது என்றார். மேல்பகுதியின் தடிமனை இந்த முறை நன்றாகச் சொல்லிவிடும். முந்நூறடி கீழே விரல் அகல வெடிப்பைக் காட்டு என்றால் அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த எல்லையை அவரே சொன்னார், அதனால்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது. அம்மாவின் வற்புறுத்தலுக்காகத் தேங்காய் வைத்துப் பார்ப்பவருக்கும் ஆயிரம் கொடுத்தோம். அவருடைய தேங்காய் பதினைந்தடி தள்ளி எழுந்து நின்றது. வீட்டில் சமாதானம் நிலவ அந்த ஆயிரம் உதவியது என்றே எழுதிவைத்திருக்கிறேன்.

ஊராட்சியில் அனுமதி வாங்கி, மாசியில் வண்டியைக் கூப்பிட்டோம். மழைக்காலம் முடிந்த கையோடு ஓட்டினால் மேல்நீர் இறங்கி ஏமாற்றும். கோடை தொடங்கும்போது வரும் தண்ணீரைக் கொஞ்சம் நம்பலாம்.

கேசிங் 40 அடியில் நிற்கவில்லை. 68 அடி போனது. அளவி வைத்தவர் சொன்னது அப்படியே நடந்தது, அந்தச் சந்தோஷத்துக்கு விலை 11,200 ரூபாய் கூடுதல். இந்த இடத்தில் பேரம் பேசக்கூடாது. பைப்பைக் குறைத்து நிறுத்தினால் பின்னாளில் மண் சரிந்து மோட்டார் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் நான் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து ராடு எண்ணினேன். அந்த வண்டியின் ராடு 20 அடி. ஒவ்வொன்று இறங்கும்போதும் சாளைச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு. சந்தேகப்பட்டு எண்ணவில்லை. இரவு பதினோரு மணிக்கு எத்தனை அடி என்ற வாக்குவாதம் யாருக்கும் வேண்டாம் என்பதால்தான். ஒவ்வொரு ராடுக்கும் ஒரு பிடி தூளை எடுத்து வரிசையாகக் குவித்தும் வைத்தேன். சாம்பல் நிறத் தூள் வறண்டு பறந்தால் வெடிப்பில்லாத கெட்டிப்பாறை. சில்லுகளில் துருப்பிடித்த செம்பழுப்பு படிந்திருந்தால் அங்கே ஒருகாலத்தில் தண்ணீர் ஓடியிருக்கிறது. தூள் உருண்டையாக ஒட்டினால் ஈரம்.

210 அடியில் தூள் லேசாக ஒட்டியது. 340 அடியில் பழுப்புச் சில்லு வந்தது, ஹேமரின் சத்தம் ஒரு நொடி தளர்ந்தது, புகை அடங்கித் தண்ணீர் தெளித்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். அது அவ்வளவுதான், கூடவே இல்லை. 400, 460, 500. ஈரத்தூளோடு அதே கறுப்புச் சில்லு. நிறுத்த வேண்டிய இடம் அதுதான்.

“கருங்கல்லுதான் போகுதுங்க. இன்னொரு நூறடி போட்டுப் பார்த்திரலாமுங்க, இத்தனை தூரம் வந்துட்டமல்ல” என்றார் வண்டிக்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. ஆனால் அந்த நூறடி அவருக்கு 13,000. எனக்கு அது இரண்டாவது தாளில் நானே கையெழுத்துப் போட்ட வரம்பை மீறுவது. “ஈரம் தெரிந்தால்” என்று எழுதியிருந்தோம் இல்லையா, அந்த ஈரம் 340-இல் வந்தது, 500-இல் வரவில்லை. இந்த வேறுபாடு இரவு பத்து மணிக்கு மூளையில் ஏறவில்லை. தலையாட்டினேன். 600 அடியில் முப்பதாவது ராடு இறங்கியபோதும் ஒன்றும் மாறவில்லை.

போர் 63,500, கேசிங் 27,200, பார்த்த கூலி 4,500, சில்லறை 3,000. ஆக 98,200. “ஃபெயிலியருங்க” என்று சொல்லிவிட்டு வண்டி கிளம்பியது.

புகை என்றால் எவ்வளவு புகை

தண்ணீரை எங்கள் பக்கம் இஞ்ச் கணக்கில் சொல்வார்கள். வி வடிவத் தகட்டில் தண்ணீர் எத்தனை இஞ்ச் உயரத்தில் வழிகிறது என்பது அந்த அளவு. இதில் பலர் ஏமாறுகிறார்கள். செங்கோண வி தகட்டில் ஒரு இஞ்ச் என்றால் மணிக்குச் சுமார் 510 லிட்டர். இரண்டு இஞ்ச் என்றால் அதன் இரு மடங்கு அல்ல, ஐந்தரை மடங்குக்கு மேல், ஏறத்தாழ 2,900 லிட்டர். கீழே இறங்கும்போதும் இப்படித்தான். அரை இஞ்ச் என்பது வெறும் 90 லிட்டர். எங்களுடையது அரை இஞ்ச்கூட இல்லை, அதனால்தான் வண்டிக்காரருக்கு அது புகை. ஏக்கர் கணக்கில் பாசனம் செய்பவருக்கும் அது புகைதான்.

மறுநாள் காலையில் மச்சான் அடுத்த வண்டிக்குப் போன் போடத் தயாரானார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அவசரப்படாதீங்க தம்பி. ரெண்டு நாள் உட்டுப்போட்டு கயித்தைக் கட்டி இறக்கிப் பாருங்க” என்றார். மேலே ஒரு கல்லை வைத்து வாயை மூடிவிட்டு வந்தோம். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் மூடாத போரில் ஒரு குழந்தை விழுந்து இறந்ததை மறக்க முடியாது, கல்லோடு நிறுத்தாமல் கேசிங்குக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினோம். பயன்படாது என்று முடிவானால் அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்பிவிட வேண்டும், 600 அடிக்கு 138 கன அடி, ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். பக்கத்தில் குவிந்திருந்த பாறைத்தூளே அதில் பெரும்பகுதிக்கு ஆகும்.

வண்டி போன 24 மணி நேரத்தில் கயிற்றில் கட்டிய கல் 410 அடியில் நனைந்தது. இரண்டாம் நாள் 290. மூன்றாம் நாள் 262.

ஆறரை இஞ்ச் ஓட்டையில் ஓரடிக்கு ஆறரை லிட்டர் நிற்கும். இஞ்ச்சும் லிட்டரும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல், ஆனால் மனத்தில் வைக்க வசதி. 600-லிருந்து 410 வரை 190 அடி ஏறியிருக்கிறது, அதாவது முதல் நாளில் 1,200 லிட்டருக்கு மேல். மணிக்கு ஐம்பது சொச்சம். பிறகு வேகம் குறைந்ததற்குக் காரணம், தண்ணீர் 340-இல் உள்ள வெடிப்பைத் தாண்டி மேலே ஏறியதும் அதுவே எதிர்த்து அழுத்தும். மட்டத்தை 340-க்குக் கீழே வைத்துக்கொண்டே இறைத்தால் நாளுக்கு 1,200 லிட்டர் கிடைக்கும்.

எங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டோம். முதல் தாளிலேயே இருந்திருக்க வேண்டிய கேள்வி. பதினான்கு தென்னங்கன்று, சாளையில் ஒரு குழாய். கன்றுக்கு இருபது லிட்டர் வைத்தாலும் நாளுக்கு ஐந்நூறைத் தாண்டாது. இரண்டாவது ஓட்டை வேண்டாம் என்று அங்கேயே முடிவானது. நான் தலையாட்டிய அந்த வீண் நூறடியும் தண்ணீர் தேங்கும் தொட்டியாகப் பயன்பட்டது. இது புத்திசாலித்தனம் இல்லை, அதிர்ஷ்டம். 500-இல் நிறுத்தி மோட்டாரை 450-இல் மாட்டியிருந்தாலும் ஒரு நாளைத் தேவைக்குப் போதும்.

குறைந்த தண்ணீர்ப் போருக்கு எங்கள் பக்கம் கம்ப்ரஸர் மோட்டார் வைப்பதும் வழக்கம். ஓட்டைக்குள் மோட்டார் இல்லாததால் காய்ந்து கருகும் பயம் இல்லை, ஆனால் மின்சாரம் அதிகம் இழுக்கும். நாங்கள் இரண்டு எச்பி சப்மெர்சிபிளை 520 அடியில் இறக்கினோம். கீழே எண்பதடி வண்டல் படிய விட்டிருக்கிறோம். மோட்டார் 28,000, குழாய் 31,200, கேபிள் 24,300, பேனல் 6,500, இறக்கும் கூலி 4,000. மொத்தம் 94,000, முதல் தாளில் 70,000. தண்ணீர் தீர்ந்தால் தானாக நிற்கும் டிரை ரன் பாதுகாப்பு அந்தப் பேனலில் இருக்கிறது. இந்த மாதிரிப் போரில் அது இல்லாவிட்டால் மோட்டார் ஒரு மாதம் தாங்காது. மேலே 2,000 லிட்டர் தொட்டி, மேடையோடு 14,000. காலையில் முக்கால் மணி நேரம் ஓடும், நின்றுவிடும். மறுநாள் மறுபடியும்.

அந்த மே மாதம் இன்னொரு முறை அளந்தேன். மோட்டார் தானாக நிற்கும்வரை இறைத்துவிட்டு 24 மணி நேரம் கழித்துக் கயிற்றை இறக்கினால் 110 அடிதான் ஏறியிருந்தது. சுமார் 715 லிட்டர். கன்றுகளுக்கு அது போதும். ஆனால் வளர்ந்த தென்னைக்கு நாளுக்கு அறுபது லிட்டர் வைத்தால் பதினான்கு மரத்துக்குப் போதாது. நான்கு கன்றுகளைப் பிடுங்கிப் பெரியவரின் வரப்புக்குக் கொடுத்துவிட்டோம்.

கையில் மிஞ்சியது 93,800. முழு வேலிக்கு 21,200 குறைந்தது. சாலைப் பக்கமும் ஆடுமாடு வரும் வடக்குப் பக்கமும் மட்டும் செயின்லிங்க் போட்டோம், கேட்டோடு 67,500. மற்ற இரண்டு பக்கமும் கொறங்காட்டு வழக்கப்படி கிளுவைப் போத்து நட்டிருக்கிறோம். அடைத்துக்கொள்ள இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை பெரியவரின் வெள்ளாடுகள் தெற்குப் பக்கமாக வந்துபோகின்றன. தென்னை கொடுத்த வீடு, ஒன்றும் சொல்வதற்கில்லை.